பிஎம்வி கணக்கு எங்கே சறுக்கும்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

மூன்றாமாண்டு மாணவி: காற்றின் வெப்பநிலை, சுற்றுச்சுவர்களின் கதிர்வீச்சு வெப்பநிலை, காற்று வேகம், ஈரப்பதம் நாலும் மீட்டர்ல எடுத்துட்டேன் சார். உடை, உழைப்பு ரெண்டையும் அட்டவணையில பார்த்துப் போட்டா போதும்தானே?

போடலாம். அறையில் இருப்பவர்கள் சராசரியாக எவ்வளவு சூடாகவோ குளிராகவோ உணர்வார்கள் என்பதைச் சொல்லும் எண்தான் பிஎம்வி; பூஜ்யம் என்றால் இதம், கூட்டல் என்றால் சூடு, கழித்தல் என்றால் குளிர். ஆனால் அந்தக் கணக்கு சறுக்குவதே உடை, உழைப்பு இரண்டில்தான். ஓர் அறையில் காற்றும் சுவரும் 27 டிகிரி, காற்று வேகம் நொடிக்கு 0.1 மீட்டர், ஈரப்பதம் 60 சதவீதம், உடையின் வெப்பத் தடுப்பு 0.5 க்ளோ என்று வையுங்கள். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு உழைப்பு, அதாவது உடலில் பிறக்கும் வெப்பம், 1.2 மெட். பிஎம்வி +0.77 வரும், நூற்றுக்குப் பதினேழு பேர் அதிருப்தி அடைவார்கள் என்று பொருள். அதே அறையில் ஒருவர் ஆய்வகத்தில் போல நின்றுகொண்டு லேசான வேலை செய்தால் 1.6 மெட். இப்போது +1.17, அதிருப்தி முப்பத்து நாலு பேர்.

22 டிகிரியில் இன்னும் தெளிவாகத் தெரியும். 1.2 மெட்டுக்கு −0.75, 1.6 மெட்டுக்கு +0.05. குளிர்கிறது என்ற அறை இதமான அறையாகிவிட்டது, நீங்கள் எந்த மீட்டரையும் தொடவில்லை. வெப்ப இதத்துக்கான தர ஆவணமான ஐஎஸ்ஓ 7730-இல் நடுத்தர வகுப்புக் கட்டடத்துக்கான எல்லையே ±0.5தான். அதனால் அறிக்கையில் ஒற்றை எண் கொடுக்காதீர்கள். குறைந்த மெட்டுக்கும் கூடிய மெட்டுக்கும் தனித்தனியே ஓட்டி, இதிலிருந்து இதுவரை என்று எழுதுங்கள்.

இறுதியாண்டு மாணவர்: பைத்தான்ல எழுதினேன் சார். நீங்க சொன்ன அதே 27 டிகிரி அறைக்கு −10 கிட்ட வருது. ஃபார்முலாவே தப்பா?

ஃபார்முலா சரிதான். உழைப்பைக் குறிக்கும் M-இல் 1.2-ஐ அப்படியே போட்டிருப்பீர்கள். சமன்பாடு கேட்பது சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பதை. 1.2 மெட் என்றால் கிட்டத்தட்ட 70 வாட். உடலில் பிறக்கும் வெப்பம் ஒன்றரை வாட்கூட இல்லை என்று சொன்னால், ஆள் உறைந்து போவதாகத்தான் கணக்கு சொல்லும். உடையையும் ஈரப்பதத்தையும்கூட இப்படி அலகு மாற்ற வேண்டும்:

```
import math

M = met * 58.15
Icl = clo * 0.155
pa = rh * 10 * math.exp(16.6536 - 4030.183 / (ta + 235))
```

இங்கே `rh` 60 என்றே இருக்கட்டும், 0.6 அல்ல. `pa` ஏறக்குறைய 2139 பாஸ்கல் வர வேண்டும். பிறகு +0.77 கிடைக்கிறதா பாருங்கள். காற்று வேகத்தை 0.3 ஆக்கினால் +0.44. இரண்டும் பொருந்தாமல் வேறு எந்த அறைக்கும் போகாதீர்கள்.

இன்னொரு மாணவர்: எங்க டிசைன்ல பிஎம்வி சரியா 0 வந்துருச்சு. அதாவது அறையில எல்லாருக்கும் இதமா இருக்கும்.

பாதி சரி. பூஜ்யத்திலும் நூற்றுக்கு ஐந்து பேர் குறை சொல்வார்கள் என்பது கணக்கிலேயே உள்ளடங்கியது, அதற்குக் கீழே இறங்காது. பெயரே சராசரி வாக்கு. −3 முதல் +3 வரையான அளவுகோலில் பெருங்கூட்டம் ஒன்று சராசரியாக எங்கே நிற்கும் என்பதைத்தான் அது சொல்கிறது, மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அல்ல.

டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970-இல் இதை வெளியிட்டபோது, கையிலிருந்த தரவு பெரும்பாலும் கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அறைகளில் நிலையான சூழலில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர்களுடையது. 2019-இல் உலகெங்கும் நிஜக் கட்டடங்களில் திரட்டிய தரவோடு ஒப்பிட்டபோது, ஒருவர் உண்மையில் சொன்ன உணர்வை பிஎம்வி சரியாகச் சொன்னது மூன்றில் ஒரு பங்கு தடவை மட்டுமே. தனி ஆளைக் கணிக்க அதை நம்பக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

விடுதி மாணவர்: எங்க ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே. 31 டிகிரி, ஃபேன் ஃபுல் ஸ்பீடு, நல்லா தூங்குறோம். கணக்கு மட்டும் ரொம்ப சூடுன்னு சொல்லுது. அப்போ ஏ.சி. கேட்கலாமா?

ஏ.சி. கேட்க இந்த எண்ணை ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஐஎஸ்ஓ 7730 காற்று வெப்பநிலைக்குத் தரும் மேல் எல்லை 30 டிகிரி, காற்று வேகத்துக்கு நொடிக்கு 1 மீட்டர். தூங்குபவரின் 0.7 மெட்டோ அடி எல்லையான 0.8-க்கும் கீழே. முதலும் கடைசியும் நிச்சயமாக எல்லைக்கு வெளியே இருக்கின்றன; ஃபேனுக்கு நேர் அடியில் வேகமும் தாண்டியிருக்கக்கூடும்.

கான்கிரீட் கூரையின் கதிர்வீச்சை எப்படி எடுத்தீர்கள்? கருப்பு உருண்டை வெப்பமானி காட்டிய எண்ணையே போட்டிருந்தால் அதிலும் பிழை. 15 செ.மீ. உருண்டை 30 டிகிரி, காற்று 28, வேகம் 0.3 என்றால் உண்மையான சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை 32-க்குச் சற்று மேல். வீசும் காற்று உருண்டையைக் குளிர்விப்பதால் அது குறைத்துக் காட்டுகிறது. நிலைக்கு வரவே அரை மணி நேரம் ஆகும், அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள்.

மூன்றாமாண்டு மாணவி: அப்போ ஏ.சி. இல்லாத கட்டடத்துக்கு என்ன செய்யறது சார்?

இதில் கருத்து ஒன்றுபடவில்லை. ஃபாங்கரும் டோஃப்டமும் 2002-இல் வெப்பநாடுகளின் ஏ.சி. இல்லாத கட்டடங்களுக்கு பிஎம்வியை 0.5 முதல் 1 வரையான எதிர்பார்ப்புக் காரணியால் பெருக்கச் சொன்னார்கள். டி டியர், பிரேகர் என்ற ஆய்வாளர்கள் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு ஏற்ப இதமான வெப்பநிலையே நகர்கிறது என்று வேறு வழி காட்டினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஜன்னலைத் திறக்கவும் ஃபேனைக் கூட்டவும் முடிந்தவர் சூட்டை வேறு மாதிரித் தாங்குகிறார். அந்தக் காரணியை 0.5 என்பதா 0.7 என்பதா என்று தீர்மானிப்பதோ மறுபடி நம் ஊகம்தான்.