அம்மா கையெழுத்தில் ஒரு போன்

"அக்கா, எனக்கு 27 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு 19,000 வருகிறது. வடபழனியில் ஒரு கடையில் 24,000 ரூபாய் போன் பார்த்து வைத்திருக்கிறேன். வட்டியே இல்லையாம். பத்துத் தவணை, மாதம் 2,400. அதில் இரண்டு தவணையை முதலிலேயே கட்ட வேண்டும், பிராசஸிங் கட்டணம் 999. ரொக்கம் என்றால் 22,500-க்குத் தருவார்களாம். பழைய போனில் பேட்டரி அரை நாள்கூட நிற்பதில்லை. என் சிபில் ஸ்கோர் சரியில்லாததால் (பைக் தவணை கொஞ்சம் தவறிவிட்டது) அம்மா பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், அம்மாவும் சரி என்றுவிட்டார். அப்பாவின் பென்ஷன் அம்மாவின் கணக்கில்தான் வருகிறது. தவணையில் வாங்கலாமா, சேர்த்து வைத்து வாங்கலாமா?"
— வாசகர், கொரட்டூர்

தம்பி, வட்டிக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "அம்மாவும் சரி என்றுவிட்டார்" என்று, முதலில் அதைப் பேசுவோம்.

அவர் எதற்குச் சரி சொன்னார் என்று அவருக்குத் தெரியுமா? "ஒரு கையெழுத்து போட வேண்டும்மா, மாதாமாதம் நான் கட்டிவிடுவேன்" என்று சொல்லியிருப்பீர்கள். எந்த அம்மா மறுப்பார்? ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு கடன்காரர் உங்கள் அம்மா. போன் உங்கள் சட்டைப் பையில் இருக்கும், கடன் அவர் பெயரில் இருக்கும். தவணை தவறினால் வசூல் ஆள் அழைப்பது அவர் எண்ணுக்கு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அதை எல்லா ஏஜென்ட்டும் மதித்தாலும் நடுவில் பதினொரு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்க நீங்கள் எஸ்டேட்டில் இருப்பீர்கள், அவர் வீட்டில் தனியாக இருப்பார்.

உங்கள் ஸ்கோரைப் பார்த்து ஒரு நிறுவனம் "இவருக்குக் கொடுத்தால் திரும்பி வராது" என்று முடிவு செய்திருக்கிறது. கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எடுக்கத் தயங்கும் ஆபத்தை, கணவரின் பென்ஷனில் காலம் தள்ளும் ஒருவர் தலையில் வைக்கிறீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். பெற்றவர்களுக்குப் பிள்ளை ஜாமீன் நிற்பதுதான் முறை. பிள்ளையின் போனுக்கு அம்மா ஜாமீன் நிற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் தம்பி அம்மா பெயரில் டி.வி. வாங்கினான். நான்காவது மாதம் பணம் போட மறந்துவிட்டான், இரண்டே நாள்தான். தவணை எடுக்க வந்த நாளில் கணக்கில் பணம் இல்லாததால் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு பவுன்ஸ் கட்டணம் போட்டது. கணக்கு இருந்த வங்கி தன் பங்குக்கு ஒன்று பிடித்தது, இரண்டுக்கும் மேல் ஜி.எஸ்.டி. அம்மா பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாதம் மாத்திரையைப் பாதி அட்டை வாங்கினார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் அம்மாவும் சொல்ல மாட்டார்.

படிவத்தில் 'மேண்டேட்' என்று ஒரு தாள் இருக்கும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி. அதில் தவணைத் தொகை 2,400 என்று மட்டும் இருக்காது. அதிகபட்சத் தொகை என்று ஒரு கட்டம் உண்டு, பெரும்பாலும் தவணையைவிடப் பல மடங்கு பெரிய எண் அச்சாகியிருக்கும். முடியும் தேதியும் எட்டு மாதத்தைத் தாண்டிப் போகும். அடுத்த கடனுக்கும் அதே அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் அப்படி வைக்கிறார்கள். பென்ஷன் வந்து விழும் கணக்கில் அப்படி ஒரு வாசலைத் திறந்து வைப்பீர்களா?

சரி, இப்போது கணக்கு. 'வட்டி இல்லை' என்ற சொல்லை நம்பாதீர்கள். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டிதான் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. உங்கள் போனில் அது இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று அந்த 999. இன்னொன்று, நீங்களே எழுதியிருக்கும் ரொக்க விலை. இன்று பணம் கொடுப்பவருக்கு அந்த போன் 22,500 என்றால் அதுதான் போனின் விலை. மேலே இருக்கும் 1,500 கடனுக்காக நீங்கள் கொடுப்பது.

முதல் நாள் கடையில் கட்டுவது இரண்டு தவணை 4,800, கட்டணம் 999, ஆக 5,799. மீதி எட்டு மாதம் 2,400 வீதம் 19,200. மொத்தம் 24,999. ரொக்க விலையைவிட 2,499 கூடுதல். "பதினொரு சதவீதம்தானே அதிகம்" என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 22,500 ரூபாய் பொருளுக்கு 5,799 கட்டிவிட்டீர்கள், ஆகவே உண்மையில் கடனாகக் கிடைத்தது 16,701 மட்டுமே. அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, கடைசி மாதம் உங்கள் கையில் இருக்கும் கடன் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். இப்படிக் குறையும் கடனுக்கு 2,499 கொடுத்தால் மாதம் சுமார் 3.2 சதவீதம், ஆண்டுக்கு 38 சதவீதத்துக்கு மேல் வருகிறது. தெருவில் 'மூணு வட்டி' என்று சொல்கிறோமே, அதைவிடக் கூடுதல். கந்துவட்டிக்காரரிடம் போக வெட்கப்படும் குடும்பத்துப் பிள்ளை, ஏ.சி. ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அதே வட்டிக்கு வாங்குகிறார்.

கடையில் இதைக் கேட்டால் ஒரு தாளைக் காட்டுவார்கள். கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்று பெயர். 2024 அக்டோபர் 1 முதல் இது போன்ற எல்லாப் புதுக் கடனுக்கும் அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கடனின் ஆண்டு விகிதத்தை, ஏ.பி.ஆர். என்று, அதில் போட்டிருக்க வேண்டும். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் நீங்கள் தெளிவாகச் சம்மதிக்காமல் பின்னால் வசூலிக்கக் கூடாது. நல்ல விதி, கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். ஆனால் உங்கள் தாளில் ஏ.பி.ஆர். 14 சதவீதம் சுமாருக்குத்தான் இருக்கும், 38 இருக்காது. கடன் கொடுக்கும் நிறுவனம் போனின் விலையை 24,000 என்றே எடுத்துக்கொண்டு 999-ஐ மட்டும் செலவாகக் கணக்கிடும். கடைக்காரர் ரொக்கத்துக்குக் குறைப்பதாகச் சொன்ன 1,500 எந்தத் தாளிலும் வராது. அதனால் போன் வாங்கப் போகும் யாரும் முதலில் தவணையைப் பற்றியே பேசக் கூடாது. "ரொக்கத்துக்கு என்ன விலை?" என்று கேட்டு, அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகுதான் தவணைப் பேச்சை எடுக்க வேண்டும். கடைசியில் பில் போடும் நேரத்தில் 'புரொடெக்‌ஷன் பிளான்' ஒன்றும் தவணைக்குள்ளே சேர்ந்துவிடும், மாதம் நூறு நூற்றைம்பதுதானே என்று. அதைக் கேட்காமல் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனி சேர்த்து வைப்பது. முதல் நாள் கடையில் கொடுக்க 5,799 உங்களிடம் இருக்கிறது, இல்லையென்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். ரொக்க விலைக்கு இன்னும் 16,701 வேண்டும். மாதம் 2,400 கட்ட முடியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் ஏழே மாதம். எட்டு மாதம் கடன் கட்டுவதற்குப் பதில் ஏழு மாதம் சேர்த்தால் போன் உங்களுடையது. நடுவில் ஒரு மாதம் தவறினால் யாரும் கட்டணம் போட மாட்டார்கள், எட்டாவது மாதம் வாங்குவீர்கள், அவ்வளவுதான். சில வங்கிகளில் ஆறு மாதத்துக்கே ஆர்.டி. தொடங்கலாம், உங்கள் வங்கியில் கேளுங்கள். சம்பளம் வந்த மறுநாளே பணம் போய்விடும்படி தேதி வையுங்கள். வட்டி சில நூறு ரூபாய்தான் வரும், அதற்காகச் சொல்லவில்லை. கண்ணில் படும் பணம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஏழு மாதத்தில் அதே மாடல் விலை இறங்கியிருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

அதுவரை பழைய போன்? நீங்கள் சொல்லும் ஒரே குறை பேட்டரி. அதை மாற்றுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேட்டுக்கொண்டு, பிறகு ரிச்சி தெருவில் கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவரை விட்டுவிடுங்கள், போலி பேட்டரி மூன்று மாதத்தில் உப்பித் திரையைத் தள்ளும். இந்தச் செலவால் ஒரு மாதம் தள்ளிப் போகலாம், போகட்டும்.

எல்லாத் தவணையும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ரொக்க விலையிலேயே தவணை கிடைத்து, கட்டணமும் சிறிதாக இருந்து, கடன் உங்கள் பெயரிலேயே என்றால் வாங்கியிருக்கலாம். உங்களுக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அந்த பைக் கடனைக் 'கொஞ்சம் தவறிவிட்டது' என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். அது முடிந்ததா, பாக்கி இருக்கிறதா? ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலின் தளத்தில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் முதல் இரண்டு மாத 2,400 அங்கே போகட்டும், போனுக்கு அப்புறம். முழுதும் கட்டியிருந்தால் அந்த நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி, அறிக்கையில் கடன் மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். காட்டவில்லை என்றால் அங்கேயே புகார் பதியலாம்.

அப்புறம், அம்மாவின் பாஸ்புக்கை இந்த வாரம் வங்கிக்குக் கொண்டுபோய் என்ட்ரி போடுங்கள். கடையில் அவர் ஆதார், பான் நகலையோ ஓ.டி.பி.யையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவர் பெயரில் கடனோ மேண்டேட்டோ எதுவும் பதிவாகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவாகியிருந்தால் வங்கிக் கிளையிலேயே மேண்டேட்டை ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள். கையெழுத்து தேவையில்லை என்று அம்மாவிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வடபழனிக்குக் கிளம்பக் காத்துக்கொண்டிருப்பார்.