"எங்களை முதன்முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள்?": கேள்வி பதில்

கேள்வி: எங்கள் இணையக் கடைக்கு வரும் ஆர்டர்களில் பாதிக்கு மேல் கூகுள் தேடல் வழியாகவோ, 'டைரக்ட்' ஆக, அதாவது நேரடியாகவோ வந்தவை என்றே டிராக்கிங் காட்டுகிறது. பாட்காஸ்ட் விளம்பரத்துக்குக் கூப்பன் போட்டவர்கள் மாதம் 20 பேர்தான். நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பாட்காஸ்ட் கேட்பவர் நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்கிறார். அங்கே கிளிக் செய்ய எதுவும் இல்லை. நாலு நாள் கழித்து உங்கள் பெயரைத் தேடி வருவார். கூப்பன் அதற்குள் மறந்துபோயிருக்கும். பெரும்பாலான டிராக்கிங் கணக்குகளுக்குத் தெரிவது அவர் கடைசியாக நுழைந்த வாசல் மட்டும்தான்.

பணம் கட்டியதும் வரும் நன்றிப் பக்கத்தில், முதல்முறை வாங்குபவரிடம் மட்டும், தலைப்பில் உள்ள அந்த ஒரே கேள்வியை வையுங்கள். 'முதன்முதலில்' என்பதை விட்டுவிட்டால் பலரும் கூகுள் என்றுதான் சொல்வார்கள். பெயர் தெரிந்த பிறகுதானே தேடியிருக்கிறார்கள்!

மாதம் 1,000 புது ஆர்டர். 400 பேர் பதில் சொல்கிறார்கள். அதில் 60 பேர் பாட்காஸ்ட் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 15%. மொத்தத்துக்கும் விரித்தால் 150 பேர். ஆனால் பதில் சொல்லாதவர்களும் அதே மாதிரிதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் விளம்பரச் செலவை முதலில் 60ஆல் வகுத்துப் பாருங்கள். அதிலேயே கட்டுப்படியானால் தொடரலாம். 150ஆல் வகுத்தால்தான் கட்டுப்படியாகிறது என்றால் நான் செலவைக் கூட்ட மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் டிராக்கிங்கைத் தூக்கிப்போட்டுவிட்டு இதையே நம்பலாம், சரிதானே?

பதில்: பாதி சரி. எந்த ஊடகம் என்று வாங்கியவர் சொல்வார். எந்த விளம்பரம், எந்த வாசகம் என்று அவரால் சொல்ல முடியாது. இரண்டு விளம்பரங்களை ஒப்பிட கிளிக் கணக்குதான் வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே ஐந்து நட்சத்திர மதிப்பீடு கேட்கிறோம். அதிலேயே சேர்த்துவிடவா?

பதில்: வேண்டாம். அது பொருள் கைக்கு வந்தபின் கேட்பது. அதற்குள் எங்கே கேள்விப்பட்டோம் என்பது மங்கிவிடும்.

கேள்வி: அந்தக் கேள்விக்கு நாங்கள் தரும் பதில் பட்டியலில் முதலில் இருப்பது இன்ஸ்டாகிராம். மாதாமாதம் அதுவே ஜெயிக்கிறது. சந்தேகமாக இருக்கிறது.

பதில்: நியாயமான சந்தேகம். அவசரத்தில் கைக்கு எட்டியதைத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் காட்டுங்கள். 'மற்றவை' மட்டும் எழுதும் பெட்டியோடு எப்போதும் கடைசியில் இருக்கட்டும். நீங்கள் ஒருபோதும் விளம்பரம் செய்யாத ஓர் இடத்தையும், உதாரணமாக வானொலியை, பட்டியலில் நுழைத்துவிடுங்கள். கொஞ்சம் குறும்புதான். 400இல் 12 பேர் வானொலி என்றால், 3% வரை வரும் எந்தப் பதிலையும் வெறும் இரைச்சலாக எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 15% அதைத் தாண்டி நிற்கிறது.

கேள்வி: சரி, இன்ஸ்டாகிராம் என்றவர் எங்கள் விளம்பரத்தைப் பார்த்தாரா, தோழி போட்ட படத்தைப் பார்த்தாரா?

பதில்: அதைத் தொட்டவருக்கு மட்டும் இன்னொரு கேள்வி காட்டிப் பார்த்தேன். பலருக்கு நினைவில்லை, சிலர் இரண்டும் என்றார்கள். இதற்கு எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.