கொள்கைக் குறிப்பின் சுருக்கத்தில் பரிந்துரையை முதலில் வைப்பது எப்படி?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரம் மணல் மூடுவது பற்றி நீர்வளத் துறைக்குக் குறிப்பு எழுதினோம். சுருக்கத்தில் பரிந்துரை கடைசிப் பத்தியில் கிடக்கிறது. அதை வெட்டி மேலே ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது. ஒட்டிய பத்தி "மேற்கண்ட காரணங்களால்" என்று தொடங்கும். மேலே காரணமே இருக்காது. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

உங்கள் பழைய வரி அநேகமாக இப்படி இருக்கும்: "முகத்துவாரத்தைத் தூர்வார உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்." யார், எப்போது என்று இல்லை. பின்னால் கிடந்தபோது முன்கதை அதை மறைத்திருந்தது. முதல் வரியானதும் ஓட்டை பளிச்சென்று தெரியும். மாற்றிப் பாருங்கள்: "வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள், நீர்வளத் துறை முகத்துவார மணலை அகற்ற வேண்டும். அது மீண்டும் சேரும் என்பதால் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்."

அப்புறம் காரணங்கள். எது பொய்யானால் பரிந்துரையே விழுமோ, அது மட்டும் சுருக்கத்தில் இருக்கட்டும். முதல் பரிந்துரைக்கு: வாய் அடைபட்டால் கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலில் வடியத் தாமதமாகும். இரண்டாவதற்கு: கரையோர நீரோட்டம் மணலைத் தொடர்ந்து கொண்டுவருகிறது. 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு மனதை உலுக்கும், சரி. ஆனால் மணல் அள்ளும் முடிவை அது தாங்கவில்லை. உடற்பகுதிக்கு அனுப்புங்கள்.

முதல் பத்தி தவிர மற்றதை மறைத்துவிட்டு, கோப்பைப் பார்க்காத ஒருவரிடம் நீட்டுங்கள். "யார் செய்யணும்?" என்று அவர் கேட்டால் இன்னும் வேலை பாக்கி.