'தீ' ஏன் மேல எழும்புதில்ல?

கடிதம்: அண்ணன், கூட்டாளி ஒருத்தன் ட்யூன் போட்டு 'தானா தன னானா தன தா...' எண்டு பாடி வாட்ஸ்அப்பில அனுப்பினான். நான் 'வாவிக் கரை மீது ஒரு தீ' எண்டு எழுதினன். எழுத்தெல்லாம் எண்ணித்தான் போட்டன், ஆனா பாடினா ஒட்டுதே இல்ல. எங்க பிழை?
– கல்லடியில இருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கட எண்ணிக்கை பேப்பரில மட்டும்தான் சரி. 'மீது ஒரு' எண்டு எழுதினாலும் வாய் அத 'மீதொரு' எண்டுதான் சொல்லும், 'து'வில இருக்கிற உகரம் உயிரெழுத்தக் கண்டதும் ஓடிரும், அங்கயே ஒரு அசை குறைஞ்சிட்டு. பிரிச்சுப் பாடச் சொன்னா இன்னொரு வில்லங்கம், ட்யூன் அங்க 'னா' எண்டு நீளுது, 'மீதூ' எண்டுதான் வரும்.

'வாவிக்' கொஞ்சம் நுணுக்கமான பிழை. சந்தக் கணக்கில குறிலும் ஒற்றும் சேர்ந்தா நெடிலுக்குச் சமம், அதால 'விக்' சரிதானே எண்டு நினைச்சிருப்பீங்க. ஆனா 'க்' வந்தா தொண்டை அடைபடும், நோட் நிக்காது. ம், ன், ல் எண்டா ஒற்றிலயும் குரல இழுக்கலாம், க், ட், ப்பில ஏலாது.

பெரிய பிழை கடைசித் 'தீ'. நீளம் சரி, நெடில்தான். ஆனா கூட்டாளி மேல ஏறி நாலு தட்டு இழுக்கிற இடம் அது, அவன் 'தா' எண்டு வாயத் திறந்துதான் அந்த உயரத்தப் பிடிச்சிருக்கான். 'ஈ'க்கு வாய் ஒடுங்கும், அந்த உயரத்தில குரல் கீச்சிடும், இல்லாட்டி பாடுறவர் தன்னையறியாம 'தே' எண்டு ஆக்கிருவார். (அண்ணாவியார் சொல்ற கூத்துத் தாளக்கட்டு வேற, அது மத்தளத்துக்கும் காலுக்கும். ட்யூன் போடுறவன் முனகுறதில உயிரெழுத்தும் கவனிக்கோணும்.)

அதுக்காக எல்லா உயிரையும் அப்பிடியே காப்பியடிக்கப் போனா தமிழில சொல்லே கிடைக்காது. ரெக்கோடிங்க திருப்பிக் கேட்டு, ரெண்டு தட்டுக்கு மேல நிக்கிற இடங்களுக்கு மட்டும் கோடு போடுங்க. அங்க உயிர் மாறக்கூடாது, மற்ற இடத்தில குறில் நெடில் பார்த்தாப் போதும். நான் சும்மா ஒண்டு போட்டுப் பார்த்தன்:

ஆறா மதி தேறாதடி வா

'தேறாதடி'யில 'னா' இருந்த இடத்தில 'தே' வந்திருக்கு, அது கீழ் நோட், ஓடிப்போற இடம், ஒருத்தருக்கும் தெரியாது. 'வா'வில வாய் முழுசாத் திறக்கும். வாவி போயிட்டெண்டு கவலப்படாதீங்க, ட்யூன் 'தான' எண்டு வாற வரி ஒண்டு இருந்தா அங்க தானா வந்து குந்தும்.

எழுதி முடிச்சதும் மெய்யெல்லாத்தையும் தூக்கிப்போட்டு 'ஆ ஆ அ இ ஏ ஆ அ இ ஆ' எண்டு உயிர மட்டும் பாடி கூட்டாளிக்கு அனுப்புங்க. அவன் 'இது என்ட ட்யூன்தானே' எண்டு உடனே சொல்லோணும். ரெண்டு தரம் கேட்டானெண்டா வரியில எங்கயோ இடறுது. தீய விட மனமில்லையெண்டா, அந்த நோட்டக் கொஞ்சம் இறக்குவானா எண்டு அவனிட்டயே கேட்டுப் பாருங்க.