ஏழு நாளில் மறையும் உபயக் கணக்கு

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு உபயம் எடுப்பவர்கள் தொகையையும் பணம் போட்ட ரசீதையும் வாட்ஸ்அப் புலனக் குழுவில்தான் போடுவார்கள். நான் பொருளாளர், ஆனால் அட்மின் இல்லை. பத்து நாளைக்கு முன் யாரோ செய்திகள் தானாக மறையும் கெடுவை 7 நாள் என்று மாற்றிவிட்டார்கள். பழைய செய்திகள் காணாமல் போகின்றன. என் ஆண்ட்ராய்டு போன் முழுக்க மலாயில் இருக்கிறது. மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது? இனி யாரும் கை வைக்காமல் எப்படிப் பூட்டுவது? – சுங்கை சிப்புட் வாசகி

பதில்: முதலில் எது போயிருக்கும், எது இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 3-ஆம் தேதி மாலை மாற்றினார்கள், இன்று 13 என்று வைத்துக்கொள்வோம். 3-ஆம் தேதிக்கு முன்னால் வந்த எதற்கும் ஆபத்தில்லை, ஏனென்றால் இந்த ஏற்பாடு மாற்றிய பிறகு வரும் செய்திகளை மட்டும்தான் பிடிக்கும். 3-லிருந்து 6 வரை வந்தவை போய்விட்டன. 6-ஆம் தேதி மாலைக்குப் பின் வந்தவை இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தான் வந்த நேரத்திலிருந்து ஏழு நாள் முடிந்ததும் மறையும். 8-ஆம் தேதி காலை வந்த உபயத் தொகைக்கு 15-ஆம் தேதி காலை வரைதான் ஆயுள்.

பலர் தவறுவது இங்கேதான். இன்றைக்கே அந்த ஏற்பாட்டை அணைத்தாலும் 8-ஆம் தேதிச் செய்தி 15-இல் போய்த்தான் தீரும். அணைப்பது இனி வரப்போகும் செய்திகளைத்தான் காக்கும். ஆகவே அணைப்பது ஒரு வேலை, இருப்பதை எடுத்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள்.

மலாய்ச் சொற்களைப் பார்த்துத் தடுமாற வேண்டாம், எண்ணைத் தேடுங்கள். குழுவின் பெயரைத் தொட்டால் குழு விவரப் பக்கம் திறக்கும். அதில் கொஞ்சம் கீழே போனால், புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட கடிகாரப் படத்துடன் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டதும் 24 jam, 7 hari, 90 hari என்று மூன்று தெரிவுகள் வரும். எண்ணே இல்லாத நான்காவது வரிதான் அணைப்பது. இதை மாற்ற அட்மினாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குழு தொடங்கியபடியே விட்டிருந்தால் எந்த உறுப்பினரும் மாற்றலாம். உங்கள் குழுவில் யாரோ மாற்றியதும் அந்த வழியில்தான் இருக்கும். அது யார் என்று தெரிய வேண்டுமானால் 3-ஆம் தேதி உரையாடலுக்குப் போய்ப் பாருங்கள். மாற்றியவர் பெயருடன் ஒரு சிறிய வரி நடுவில் நிற்கும்.

அடுத்தது எடுத்து வைப்பது. அவசரமான ஐந்தாறு செய்திகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடியுங்கள். மேலே புத்தகக் குறி போன்ற நாடாப் படம் வரும், அதைத் தொட்டால் அந்தச் செய்தி எல்லாருக்கும் தங்கிவிடும். ஆனால் செய்தியை அனுப்பியவருக்கு உடனே தகவல் போகும், அவர் வேண்டாம் என்றால் அந்தச் செய்தி மறைந்துவிடும். உபயம் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இதைச் செய்வது நல்லது.

மொத்தமாக எடுக்க, குழுவைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். வரும் பட்டியலின் கடைசி வரியைத் தொட்டால் இன்னொரு பட்டியல் வரும். அதில் Eksport என்று தொடங்கும் வரிதான் உங்களுக்கு வேண்டியது. படங்களோடு வேண்டுமா, படங்கள் இல்லாமலா என்று கேட்கும். Tanpa என்றால் ‘இல்லாமல்’. இரண்டு முறை எடுங்கள் என்பதே என் யோசனை. மின்னஞ்சலில் அனுப்பும்போது படங்களோடு என்றால் கடைசி 10,000 செய்திகள்தான் போகும், படமில்லாமல் என்றால் 40,000 வரை போகும். நம் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் அந்த 10,000-இல் சேர்ந்துதான் எண்ணப்படும். ரசீதுப் படங்களுக்காக ஒன்று, முழு உரையாடலுக்காக ஒன்று என்று உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

வந்த கோப்பைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். அதில் ஒவ்வொருவர் பெயரும் உங்கள் போனில் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியே வரும். ‘காய்கறிக் கடை அக்கா 500 ரிங்கிட்’ என்று இருந்தால் உங்களுக்குப் புரியும், ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் பார்ப்பவருக்குப் புரியாது. அடையாளப் பெயர்களை முழுப் பெயராக மாற்றிப் பதிந்துவிட்டு, அதன் பிறகு ஏற்றுமதி செய்யுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திறந்து 500-ஐ 50 ஆக்கலாம். அதனால் அதை நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சண்டை என்று வந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையும் ரசீதுப் புத்தகமும்தான் பேசும்.

ஏற்றுமதியே செய்யவிடாமல் தடுக்கிறதா? 2025 ஏப்ரலில் வந்த கூடுதல் தனியுரிமை ஏற்பாட்டை உங்கள் குழுவில் யாராவது போட்டிருக்கலாம். அது இருக்கும்வரை குழுவில் யாராலும் உரையாடலை வெளியே எடுக்க முடியாது. அட்மினிடம் சொல்லி ஒரு மணி நேரத்துக்கு அந்த ஏற்பாட்டை அணைக்கச் சொல்லுங்கள்.

போய்விட்ட 3 முதல் 6-ஆம் தேதி வரையிலான செய்திகளுக்காகப் புலனத்தை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டாம். தெரிந்தவர்கள் சிலர் இந்த யோசனை சொல்வார்கள். சேமிப்பு நகலில் அந்தச் செய்தி இருந்தாலும், திரும்ப இறக்கும்போது கெடு முடிந்தது அழிந்துவிடும். அதோடு நகல் சரியாக எடுக்கப்படாமல் இருந்தால் கையில் இருப்பதும் போகும். வேறு இடங்களில் தேடுங்கள். அந்தச் செய்திக்கு யாராவது பதில் போட்டிருந்தால் மேற்கோளாக அதன் வாசகம் நிற்கக்கூடும். மறையாத வேறு குழுவுக்கோ தனி ஆளுக்கோ முன்னனுப்பியிருந்தால் அங்கே அப்படியே இருக்கும். உங்கள் போனின் படத் தொகுப்பையும் ஒருமுறை புரட்டுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் பணம் அனுப்பியவரையே கேளுங்கள், அவருடைய வங்கிச் செயலியில் அந்தப் பரிமாற்றம் இருக்கும்.

இனிப் பூட்டுவது. இதை அட்மின்தான் செய்ய முடியும். குழு விவரப் பக்கத்தில் குழு அனுமதிகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் உறுப்பினர்கள் குழு அமைப்புகளை மாற்றலாமா என்பதற்கான பொத்தானை அணைத்துவிட்டால், குழுவின் பெயர், படம், விளக்கம், இந்த மறையும் கெடு எல்லாமே அட்மின் கைக்குப் போய்விடும். ஆனால் கூடவே நாடாப் படம் தொட்டுச் செய்தியைத் தங்க வைக்கும் உரிமையும் மற்றவர்களிடமிருந்து போய்விடும். பொருளாளரான உங்களுக்கு அந்த உரிமை கட்டாயம் வேண்டும். ஆகவே பூட்டுவதற்கு முன் தலைவரிடம் பேசி நீங்களும் அட்மினாகிவிடுங்கள். அட்மின்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் கெடுவை மாற்ற முடியும், அதனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மொழியை மாற்ற நினைத்தால், புலனத்தின் அமைப்புகள் பக்கத்தில் உலக உருண்டைப் படமும் Bahasa என்ற சொல்லும் உள்ள வரியைத் தொடுங்கள், பட்டியலில் தமிழ் இருக்கும். ஆனால் இந்த வேலை முடியும்வரை மலாயிலேயே விட்டுவையுங்கள். செயலாளர் போனும் மலாயில்தான் இருக்கும் என்றால், இருவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.