ஆப்பை நீக்கிய பிறகும் மாதாமாதம் பணம் போகிறதே!

கேள்வி: மகனுக்காக ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆப்பில் 1 ரூபாய் கட்டி மூன்று நாள் சோதனைக்குச் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, ஆப்பை நீக்கிவிட்டேன். ஆனால் மூன்று மாதமாக 499 ரூபாய் யூபிஐ வழியாகத் தானாகவே போகிறது. திரும்ப இறக்கிப் பார்த்தேன், ரத்து செய்ய எங்கேயும் வழியில்லை. நான்கு மெயில் போட்டும் பதில் இல்லை. போன் நம்பரும் கிடையாது. என்ன செய்வது சார்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஐந்தாவது மெயில் போடாதீர்கள் அம்மா. அந்த 1 ரூபாயைக் கட்டியபோது நீங்கள் பின் நம்பர் போட்டீர்கள் இல்லையா? அது ஒரு ரூபாய்க்கு மட்டும் போட்டதல்ல. ‘இனி இந்த நிறுவனம் கேட்கும்போதெல்லாம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்ற நிரந்தர அனுமதியும் அதோடு சேர்ந்தே போய்விட்டது. இதற்குப் பெயர் ஆட்டோபே மேண்டேட். அது இருப்பது உங்கள் வங்கிக் கணக்கில், அந்த ஆப்பில் அல்ல. ஆப்பை நீக்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். அதே காரணத்தால்தான் நிறுவனத்தின் தயவு இல்லாமல் நீங்களே அதை ரத்து செய்யவும் முடியும்.

எந்த யூபிஐ ஆப்பில் அன்றைக்கு பின் போட்டீர்களோ, அதையே திறங்கள். கூகுள் பேயில் போட்டிருந்தால் கூகுள் பே, போன்பேயில் போட்டிருந்தால் போன்பே. வேறொன்றில் தேடினால் கண்ணில் படாமல் போகலாம். உங்கள் படம் இருக்கும் மூலையைத் தொட்டால் Autopay என்று ஒரு வரி இருக்கும். சில ஆப்களில் Mandates என்றிருக்கும். அதற்குள் ஒரு பட்டியல் வரும். ஆப்பின் பெயரே அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் இருக்கலாம், நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரும் இருக்கலாம். 499 ரூபாய் போன தேதிகளோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

அதைத் திறந்ததும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம், அதிகபட்சம் எவ்வளவு, எந்த ஆண்டு வரை என்று மூன்று விவரம் இருக்கும். 499 ரூபாய்ச் சந்தாவுக்கு உச்சவரம்பு ஐயாயிரம் என்று போட்டு வைத்திருப்பதும் உண்டு. இந்தப் பக்கத்தையும், UMN என்று குறித்திருக்கும் நீள எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு ரத்து செய்யுங்கள். Pause என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது தற்காலிகமாக நிறுத்தி வைப்பதுதான். Cancel அல்லது Revoke என்பதுதான் வேண்டும். அது மறுபடியும் உங்கள் பின் நம்பரைக் கேட்கும். பயப்பட வேண்டாம், நீங்களே திறந்த ஆப்பில் நீங்களே செய்யும் வேலை அது. ரத்தானதாக வரும் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

யூபிஐ அல்லாமல் கார்டு கொடுத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். கார்டு கொடுத்த வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ நிரந்தர அனுமதிகளைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. ரத்து செய்யும் வசதியை வங்கி தந்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிளே ஸ்டோர் வழியாகவே சந்தா கட்டியிருந்தால், அங்கே Payments & subscriptions பகுதியில் போய் நிறுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கல்வி நிறுவனங்கள் ‘மாதத் தவணை’ என்று சொல்லி, உண்மையில் ஒரு நிதி நிறுவனத்தின் கடனைப் பெற்றோர் தலையில் கட்டிவிடுகின்றன. அப்படியானால் மேண்டேட் கடன் கொடுத்தவர் பெயரில் இருக்கும். அதைச் சட்டென்று நிறுத்தினால் தவணை தவறியதாகக் கணக்காகும். அபராதம் ஏறும், சிபில் ஸ்கோரும் அடிபடும். பட்டியலில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள். முதலில் கடன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்களுடையது 1 ரூபாய் சோதனையில் தொடங்கியது என்பதால் பெரும்பாலும் சாதாரணச் சந்தாதான்.

சரி, போன 1497 ரூபாய்? அது கொஞ்சம் சிக்கல். நீங்கள் ஒப்புதல் கொடுத்து எடுத்த பணம் என்பதால் வங்கி அதைத் திருட்டாகப் பார்க்காது. ஒரு பிடி மட்டும் உண்டு: ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், அதிலேயே விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். நாம்தான் ஓடிபி, கூரியர், விளம்பரம் என்று வரும் குப்பையோடு அதையும் தள்ளிவிடுகிறோம். (நானே ஒரு சந்தாவுக்கு எட்டு மாதம் அப்படித் தண்டம் கட்டியவன்தான்.) மெசேஜ்களைத் தேடிப் பாருங்கள். நிஜமாகவே வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

நிறுவனத்தின் மேல் உங்களுக்குள்ள வழக்கு வேறு. ரத்து வழியை ஒளித்து வைப்பது ‘சந்தாப் பொறி’. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. இதை நிரூபிக்க, ஆப்பைத் திறந்து ஒவ்வொரு மெனுவாகத் தொட்டு, ரத்து எங்கும் இல்லை என்பதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்காக எடுத்துவிடுங்கள். நாளைக்கு அவர்கள் பட்டனைச் சேர்த்துவிட்டு ‘அப்போதும் இருந்ததே’ என்று சொன்னால் இதுதான் உங்கள் சாட்சி.

அப்புறம், support என்று தொடங்கும் முகவரியை விட்டுவிட்டு, விதிமுறைப் பக்கத்தின் அடியில் Grievance Officer என்று இருக்கும் பெயரைத் தேடி எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கோபத்தைக் கொட்டாமல் இவ்வளவு எழுதினால் போதும்:

‘இந்தத் தேதியில் 1 ரூபாய் சோதனைக்குச் சேர்ந்தேன். ஆப்பில் ரத்து வசதி இல்லை. இந்த நான்கு தேதிகளில் மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. மேண்டேட்டை இந்தத் தேதியில் ரத்து செய்துவிட்டேன். சந்தாவும் அன்றோடு முடிந்தது. எடுத்த 1497 ரூபாயைத் திருப்பித் தரவும்.’

அதற்கும் மௌனம் என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, புகாரை நிறுவனத்திடம் தள்ளி பதில் வாங்கித் தருவார்கள். அதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1497 ரூபாய்க்காக அலைவதா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் 1915 வரை கட்டாயம் போவேன்.

கடைசியாக ஒன்று. அந்த ஆப்பின் பெயரோடு கஸ்டமர் கேர் என்று போட்டு இணையத்தில் தேடிக் கிடைக்கும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். இப்படித் தவிப்பவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் தூண்டில் அது. ‘ரீஃபண்ட் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்’ என்றோ, ஸ்கிரீனைக் காட்டும் ஆப்பை இறக்குங்கள் என்றோ யாராவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.