உதவிப் பொறியாளர், லெவல் 20: தனியார் நிறுவனத்துக்கு இதை எப்படி எழுதுவது?

ஐயா, உங்கள் மகளின் ரெஸ்யூமேவைப் படித்தேன். நேற்று அவரிடமும் அரை மணி நேரம் பேசினேன். பொதுப்பணித் துறையில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவரை பெங்களூரில் ஒரு நிறுவனம்கூட நேர்காணலுக்கு அழைக்கவில்லையே என்று வருந்துகிறீர்கள். அனுபவத்தில் குறை எதுவும் இல்லை. அதை எழுதியிருக்கும் விதத்தில்தான் சிக்கல்.

முதல் வரியையே பாருங்கள். ‘உதவிப் பொறியாளர், லெவல் 20, ரூ.37,700 – 1,38,500’ என்று இருக்கிறது. அரசு அலுவலகத்தில் இதைப் பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். ஒரு பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது, எம்-புக் எனும் பணி அளவீட்டுப் பதிவேட்டில் அளவு எழுதிக் கையெழுத்துப் போடுபவர் அவர்தான் என்று தெரியும். தனியார் கட்டுமான நிறுவனங்கள் பலவற்றில் ‘அசிஸ்டென்ட் இன்ஜினியர்’ என்றால் கல்லூரி முடித்து வந்த புதியவர், ‘இன்ஜினியர்’ பதவிக்குக் கீழே இருப்பவர். ஆறு ஆண்டு கழித்தும் இதே பதவியா என்று நினைத்து அங்கேயே ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதற்காகப் பதவிப் பெயரை ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ என்று மாற்றிவிடக் கூடாது. வேலை உறுதியான பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். துறையிடம் கேட்டால் உதவிப் பொறியாளர் என்றுதான் பதில் வரும், கையில் வந்த வேலை போய்விடும். பதவியை உள்ளபடியே எழுதி, அடுத்த வரியில் ‘கிளையன்ட் தரப்பில் தளப் பொறுப்பு: மதிப்பீடு, தர மேற்பார்வை, பில் அளவீடு’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் துறையுடையது, விளக்கம் நம்முடையது. இரண்டும் உண்மை.

லெவல் எண்ணை எடுத்துவிடலாம். நம் மாநில ஊதிய அட்டவணையில் 32 லெவல்கள் இருக்கின்றன, மத்திய அரசில் 18தான். அங்கே 18 என்பது கேபினட் செயலாளரின் லெவல். மத்திய அரசு அட்டவணை தெரிந்த ஒரு மனிதவள அதிகாரி ‘லெவல் 20’ என்று பார்த்தால் குழம்பிப்போவார். தெரியாதவருக்கோ அது வெறும் எண். இன்னொன்றும் உண்டு. அரசில் 10 ஆண்டு முடிந்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடிந்தால் சிறப்பு நிலை என்று ஊதியம் உயரும், வேலை அதேதான். லெவல் கூடியதாலேயே பொறுப்பு கூடியதாகச் சொல்ல முடியாது. பொறுப்பு கூடியதைக் காட்டுவது கூடுதல் பொறுப்பு ஆணைதான். பக்கத்துப் பிரிவில் காலியிடம் இருந்தபோது உங்கள் மகள் எட்டு மாதம் அதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். ரெஸ்யூமேவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

சம்பள வீச்சையும் எடுத்துவிடுங்கள். ‘37,700’ என்று தொடங்கினால் அதுதான் இப்போதைய சம்பளம் என்று நினைத்து அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் பேசுவார்கள். விண்ணப்பப் படிவத்தில் இப்போதைய சி.டி.சி., அதாவது ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டால் முழுக் கணக்கையும் போட்டுச் சொல்ல வேண்டும். அவருடைய அடிப்படை ஊதியம் இப்போது 45,000. அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்தால் 26,100. வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் சேர்ந்து 4,900. ஆக மாதம் 76,000, ஆண்டுக்கு 9,12,000. பங்களிப்பு ஓய்வூதியத்துக்காக அரசு தன் பங்காக 10 சதவீதம் போடுகிறது என்று வைத்தால், அது மாதம் 7,110. தனியார் நிறுவனம் பி.எஃப். பங்கை சி.டி.சி.யில் சேர்ப்பதுபோல இதையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் வரும். கையில் வாங்கும் தொகையை மட்டும் சொன்னால் பிடித்தம் போக மீதிதான் கணக்கில் வரும், அதில் அவருக்கே நஷ்டம். கேட்டால் காட்ட ஊதியச் சீட்டும் படிவம் 16-உம் தயாராக இருக்கட்டும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வேலையைப் பற்றி அவர் எழுதியிருப்பது ஒரே வரி: ‘உயர் அலுவலர்களின் உத்தரவுப்படி அரசுக் கட்டடங்களின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புப் பணிகளை மேற்கொண்டேன்.’ கோப்பில் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். இதைப் படிப்பவருக்கு என்ன கட்டடம், எவ்வளவு பணம், இவர் கை எதில் பட்டது என்று எதுவும் தெரியாது.

நான் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விவரம் வந்தது. 6.8 கோடி ரூபாயில் ஒரு தாலுகா மருத்துவமனைக் கட்டடம், 18 மாத வேலை. விலை விகிதப் பட்டியலை வைத்து மதிப்பீடு போட்டது இவர். கான்கிரீட் கனசதுரங்களை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதனைக்கு அனுப்பி முடிவுகளைப் பதிந்தது இவர். வேலை நடக்கும்போதே ஒப்பந்ததாரர் அவ்வப்போது கொடுத்த ஒன்பது ரன்னிங் பில்களுக்கும் தளத்தில் டேப் பிடித்து அளவெடுத்து எம்-புக்கில் எழுதியதும் இவரே. ஒரு பில்லில் ஷட்டரிங் பரப்பு 140 சதுர மீட்டர் கூடுதலாகக் கேட்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து நீக்கியிருக்கிறார். இதைச் சொல்லும்போது, ‘அது தினசரி வேலைதானே சார்’ என்றார். தனியாரில் பில்லிங் இன்ஜினியர், குவான்டிட்டி சர்வேயர் என்று தனித்தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது இந்த வேலைக்குத்தான்.

இதை ஆங்கிலத்தில் அவர் எழுதட்டும், உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்: ‘6.8 கோடி ரூபாய் மருத்துவமனைக் கட்டடம், 18 மாதம். விரிவான மதிப்பீடு தயாரித்தேன். 9 ரன்னிங் பில்களுக்கு இணை அளவீடு செய்து பதிந்தேன், 140 சதுர மீட்டர் மிகைக் கோரிக்கையை நீக்கினேன். கான்கிரீட் தரச் சோதனைகளை மேற்பார்த்தேன்.’ எம்-புக் என்ற சொல்லை ஒரு முறை போட்டு, பக்கத்தில் ‘பணி அளவீட்டுப் பதிவேடு’ என்று விளக்கிவிட்டால் போதும்.

இங்கே ஓர் எல்லை உண்டு. மதிப்பீட்டைத் தயாரித்தவர் இவர், ஒப்புதல் தந்தவர் மேலே இருப்பவர். அளவை எழுதியவர் இவர், சரிபார்த்தவர் உதவி செயற்பொறியாளர், பில்லைப் பாஸ் செய்தவர் செயற்பொறியாளர். ‘6.8 கோடி பட்ஜெட்டை நிர்வகித்தேன்’ என்று எழுதினால் நேர்காணலில் வரும் முதல் கேள்வியே ‘எவ்வளவு தொகைக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம்?’ என்பதாக இருக்கும். அங்கே தடுமாறினால் மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். தயாரித்தேன், அளந்தேன், பரிந்துரைத்தேன் போன்ற வினைகளே போதும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இதுவரை ஒப்பந்த நிறுவனங்களுக்கே அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது ஆள்களையும் பொருளையும் விரட்டி வேலை வாங்குபவர், அந்த அனுபவம் இவருக்குக் குறைவு. கட்டடத்துக்குச் சொந்தக்காரரின் பக்கம் நின்று ஒப்பந்ததாரரைக் கண்காணிக்கும் திட்ட மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள், சொந்தமாக வளாகம் கட்டும் மருத்துவமனைக் குழுமங்கள் போன்றவைதான் இவருக்குப் பொருத்தம். ஆறு ஆண்டும் இவர் நின்றது அந்தப் பக்கம்தானே. அங்கே கால அட்டவணை போடும் மென்பொருள் தெரியுமா என்று கேட்பார்கள். அது அவருக்குத் தெரியாது. அதனால் திறன் பட்டியலில் அதை எழுத வேண்டாம், இப்போதே கற்கத் தொடங்கட்டும்.

சேரக்கூடிய நாள் என்ற இடத்தில் ‘உடனடியாக’ என்று போட்டிருக்கிறார். அதை மாற்றச் சொல்லுங்கள். அரசுப் பணியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் விலகியதாகிவிடாது. அது ஏற்கப்பட்டு, நிலுவை இல்லை என்று உறுதியாகி, விடுவிப்பு ஆணை வர வேண்டும். வெளியே விண்ணப்பிப்பதற்கான அனுமதியைப் பற்றியும் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். செயற்பொறியாளரிடம் பணிகளின் பெயர், மதிப்பு, காலம் குறிப்பிட்டு ஓர் அனுபவச் சான்றும் எழுதி வாங்க வேண்டும். துறையை விட்டு வந்த பிறகு அதை வாங்குவது கடினம்.

மருத்துவமனை தவிர இன்னும் இரண்டு பள்ளிக் கட்டடங்கள் இருப்பதாகச் சொன்னார். அவற்றின் தொகை, மாதங்கள், பில் எண்ணிக்கையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு எண்ணோ டெண்டர் ஆவணமோ வேண்டாம். அவை வந்ததும் ரெஸ்யூமேவைச் சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடலாம்.